காண்ட்ராக்டருக்கு அனுப்பும் செய்தி: முழு அட்டவணையா, தினசரி மாலையா, கட்டம் கட்டமாகவா?

குளியலறையை முழுவதும் உடைத்துப் புதுப்பிக்கும் வேலையை ஒரே குழு ஒரே மூச்சில் முடித்துக் கொடுப்பதில்லை. உடைக்க ஆட்கள், குழாய்க்கு பிளம்பர், பூச்சுக்குக் கொத்தனார், வாட்டர்ப்ரூஃபிங்குக்கு ஒருவர், டைல்ஸ் ஒட்ட ஒருவர், கடைசியில் குழாய்முனை, ஹீட்டர் மாட்ட மறுபடியும் பிளம்பர். இவர்களுக்கு நடுவே யாருமே வரக்கூடாத நாட்களும் உண்டு. பூச்சு காய வேண்டும், கோட் காய வேண்டும், கசிகிறதா என்று பார்க்கத் தேக்கிய தண்ணீர் அப்படியே நிற்க வேண்டும். அந்த நாட்களில் ஆள் வந்துவிட்டால்தான் ஆபத்து.

இத்தனையையும் காண்ட்ராக்டரிடம் எப்படிச் சொல்லி வைப்பது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் நாளே எல்லாத் தேதியும் போட்டு ஒரே செய்தியாக அனுப்பிவிடலாமா? தேதியே போடாமல் தினமும் மாலையில் "நாளைக்கு யார் வர்றாங்க" என்று கேட்டுக்கொள்ளலாமா? இல்லை, கட்டங்களை மட்டும் எழுதி, ஒரு கட்டம் தேறிய பிறகு அடுத்ததற்குத் தேதி குறிக்கலாமா? மூன்றையும் பலர் பயன்படுத்துகிறார்கள், மூன்றிலும் வேலை முடிந்திருக்கிறது. எது எங்கே உடைகிறது என்பதைக் குளியலறை வேலையை வைத்தே பார்க்கலாம். ஈர வேலையும் உலர் வேலையும், காயும் நேரமும் சோதனையும் எல்லாம் அதில் கலந்து வருவதால் குறைகள் சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, காயும் நேரம் அந்தச் செய்திக்குள் இருக்கிறதா என்பது. தேதிகளைப் பேசி மாற்றலாம். சிமெண்ட் காய்வதைப் பேசி மாற்ற முடியாது. டைல்ஸ் பசை பெரும்பாலும் ஒரு நாள் ஆன பிறகுதான் மேலே நடக்கவும் இடுக்கில் க்ரௌட் போடவும் விடும். வாட்டர்ப்ரூஃபிங் இரண்டாவது கோட் போட்ட பிறகு எத்தனை நாள் விட்டுத் தண்ணீர் தேக்கலாம் என்பது அந்தப் பொருளின் பையிலேயே எழுதியிருக்கும். செய்தியில் அந்த இடைவெளிக்கு இடமே இல்லாவிட்டால் களத்திலும் இருக்காது.

இரண்டாவது, ஒரு நாள் தவறினால் எத்தனை நாள் சரிகிறது. பிளம்பர் ஒரு நாள் தாமதித்தால் ஒரு நாளோடு முடிகிறதா, அல்லது டைல்ஸ்காரர் வேறு இடத்துக்குப் போய்விட்டதால் பத்து நாளாகிறதா? செய்தியின் அமைப்பே இதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

மூன்றாவது, காலை நேரம் உண்மையில் உறுதியாகிறதா. நீங்கள் செய்தி அனுப்பியதும் அவர் படித்ததும் வேறு, நாளை யார், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வாசலில் நிற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிவது வேறு. கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தில் இந்தத் தகவல் ஒன்றுமே இல்லை.

நான்காவதைப் பலர் யோசிப்பதில்லை. செய்தி வேலையாள் வரை போய்ச் சேருகிறதா? நீங்கள் எழுதுவது காண்ட்ராக்டருக்கு. காலையில் உங்கள் கதவைத் தட்டப்போவது வேறொருவர். இரண்டு பக்கத்துக்கு எழுதினால் அது காண்ட்ராக்டரின் போனிலேயே நின்றுவிடும். மூன்று வரியில் எழுதினால் அப்படியே டைல்ஸ்காரருக்குத் தட்டிவிடுவார்.

## முதல் வழி: முழு அட்டவணையும் ஒரே செய்தியில்

வேலை தொடங்கும் முன்பே "திங்கள், செவ்வாய் உடைப்பு, புதன் குழாய், வியாழன், வெள்ளி பூச்சு" என்று கடைசி நாள் வரை எழுதி அனுப்பிவிடுவது. படித்தால் மனசுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். அலுவலகத்தில் லீவு சொல்லலாம், குடியிருப்புச் சங்கத்திடம் உடைப்பு நாட்களைச் சொல்லி வைக்கலாம். காண்ட்ராக்டரும் "ஓகே சார்" என்று பதில் போடுவார்.

அந்த "ஓகே" வந்ததோடு விஷயம் முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த வழியின் முதல் மறைமுகச் செலவு. ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களில் வேலை நடத்துகிற காண்ட்ராக்டர், ஆட்களை எங்கே அனுப்புவது என்று பெரும்பாலும் முந்தின நாள் மாலையில்தான் பிரிப்பார். மூன்று வாரம் முன்னால் வந்த பட்டியல் அந்த நேரத்தில் அவர் கண் முன்னால் இருக்காது. போனில் மேலே மேலே தள்ளிப் போய் எங்கோ கிடக்கும். பட்டியலில் எழுதிய காலை நேரங்களுக்கு இரண்டாம் வாரத்தில் மதிப்பே இருக்காது.

இரண்டாவது செலவு இன்னும் பெரியது. தேதி போட்ட அட்டவணை, தேதியை ஜெயிக்க வைக்கப் பார்க்கும். வெள்ளிக்கிழமை டைல்ஸ் என்று எழுதியாகிவிட்டது, டைல்ஸ்காரர் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வந்து நிற்கிறார். வியாழக்கிழமை தண்ணீர் தேக்கிப் பார்த்த சோதனையில் ஒரு சின்னச் சந்தேகம் என்றால் அப்போது வருகிற நெருக்கடி உங்கள் மேல்தான் விழும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், மூடிடலாம்" என்பார்கள். அவர்கள் மோசமானவர்கள் என்பதல்ல, அன்றைய கூலி வீணாகிவிடுமே என்ற கவலை. மூடிய பிறகு கசிந்தால் டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் இந்த வழியே சரியாக இருக்கும் இடங்கள் உண்டு. வேலை முழுக்க உலர் வேலையாக இருந்தால், அதாவது அலமாரி மாட்டுவது, கதவு மாற்றுவது, இரண்டு மூன்று நாளில் முடியும் பெயிண்டிங் என்றால், நடுவே தடுக்கக்கூடிய சோதனை எதுவும் இல்லை. அங்கே கட்டம் கட்டமாகப் பேசுவது வெட்டி வேலை. கட்டட நிர்வாகம் முன்கூட்டியே தேதி எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி தரும் என்றாலும் வேறு வழியில்லை. அப்போது கட்டங்களுக்கு நடுவே "இந்த நாள் சும்மா விட்டது" என்று வெளிப்படையாக எழுதிய உபரி நாட்களையும் பட்டியலில் சேருங்கள். எழுதாமல் மனசுக்குள் வைத்திருக்கும் உபரி நாளை இன்னொரு இடத்து வேலை தின்றுவிடும்.

## இரண்டாம் வழி: ஒவ்வொரு மாலையும் மறுநாளை மட்டும் பேசுவது

இங்கே பட்டியலே கிடையாது. வேலை நடந்த ஒவ்வொரு நாள் மாலையிலும் மறுநாள் யார், எப்போது என்று ஒரு செய்தி. காலை நேரத்தை உறுதிப்படுத்துவதில் இதை அடிக்க வேறு வழியில்லை. காண்ட்ராக்டர் ஆட்களைப் பிரிக்கும் அதே நேரத்தில் உங்கள் செய்தியும் போய் நிற்கிறதே.

அனுப்பும் நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு அனுப்பினால் அவர் ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லி முடித்திருப்பார். உங்களுக்கு மிச்சம் கிடைப்பது யாரோ அவர்தான். வேலை நிறுத்தும் நேரத்தை ஒட்டி, ஐந்து ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். கேள்வியும் அப்படியே. "நாளைக்கு வருவாங்கல்ல?" என்று கேட்டால் "வருவாங்க" என்ற பதில்தான் வரும். பதிலில் தகவலை எழுதியே ஆக வேண்டிய மாதிரி கேளுங்கள்:

> அண்ணே, நாளைக்கு குழாய் வேலைக்கு யார் வர்றாங்க, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வீட்டு வாசல்ல இருப்பாங்க? நீங்க சொன்ன டைமுக்கு மெயின் வால்வை மூடிடறேன்.

கடைசி வரியைச் சும்மா சேர்க்கவில்லை. அவர் சொல்லும் நேரத்துக்கு உங்கள் பக்கம் ஒரு காரியம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால், வாய்க்கு வந்த நேரத்தைச் சொல்வது குறையும்.

இதன் குறை காலைக்கு அப்பால்தான் இருக்கிறது. நாளையைப் பற்றி மட்டும் பேசுவதால் அடுத்த வாரத்துக்கு யாரும் பதிவாகவில்லை. பூச்சு முடிகிறது, காய்கிறது, எல்லாம் தயார். அப்போதுதான் வாட்டர்ப்ரூஃபிங் ஆளைக் கேட்கிறீர்கள், அவர் வேறு இடத்தில் நடு வேலையில் இருக்கிறார். காய வேண்டிய நாள் மூன்று என்றால் காத்திருந்த நாள் ஒன்பதாகிவிடும். மூன்று நாள் இடைவெளி வருவது முன்பே தெரிந்ததுதான். ஆனால் தெரிந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு செலவு உங்கள் மாலை நேரம். தினமும் பதிலுக்காக போனைப் பார்த்துக்கொண்டே இருப்பது முதல் வாரம் பரவாயில்லை, மூன்றாம் வாரம் வெறுத்துவிடும். ஒருநாள் கேட்க மறந்தால் அன்று வேலையும் நடக்காது. நீங்கள் கேட்டால்தான் ஆள் அனுப்ப வேண்டும் என்ற பழக்கத்தை நீங்களே உண்டாக்கியிருப்பீர்கள்.

இதுவே நல்ல வழியாக இருப்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வேலைகளுக்கு. சுவரில் ஈரம் ஏறுகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. இன்று உடைத்துப் பார்த்தால்தான் நாளைக்கு பிளம்பரா கொத்தனாரா என்றே தெரியும். அங்கே கட்டம் எழுதிக் கொடுங்கள் என்று காண்ட்ராக்டரைக் கேட்டால் அவர் எழுதுவது கற்பனையாகத்தான் இருக்கும். தனி ஆளாக எல்லாம் செய்துகொள்ளும் மேஸ்திரியிடமும் இது போதும், ஏனென்றால் அங்கே பிரிப்பதற்கு ஆட்களே இல்லை.

## மூன்றாம் வழி: கட்டத்தை முதலில், தேதியைப் பிறகு, நேரத்தை முந்தின மாலை

நீர் சம்பந்தப்பட்ட வேலைக்கு நான் இதையே சொல்வேன். முதல் செய்தியில் கட்டங்களின் வரிசையும், ஒவ்வொன்றும் எதற்குப் பிறகுதான் தொடங்கலாம் என்பதும் இருக்கும். முதல் இரண்டு கட்டத்துக்கு மட்டும் தேதி. மற்றவற்றுக்குத் தேதி எப்போது குறிப்போம் என்பது மட்டும். காலை நேரத்துக்கு இரண்டாம் வழியின் மாலைச் செய்தியே இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குளியலறைக்கு அந்த முதல் செய்தி இப்படி இருக்கலாம்:

> வணக்கம் அண்ணே. பாத்ரூம் வேலையை இப்படி வச்சுக்கலாமா பாருங்க.
>
> 1. உடைப்பு: திங்கள், செவ்வாய்.
> 2. குழாய்: புதன். ஒட்டினது காய்ஞ்சதும் பிரஷர் டெஸ்ட். நான் பார்த்த பிறகு சுவரை மூடலாம்.
> 3. பூச்சு: டெஸ்ட் சரின்னா அடுத்த நாள்.
> 4. வாட்டர்ப்ரூஃபிங் ரெண்டு கோட்: பூச்சு முடியற அன்னைக்கு தேதி பேசிக்கலாம்.
> 5. தண்ணி தேக்கறது: கோட் காய்ஞ்ச பிறகு, 48 மணி நேரம். அந்த ரெண்டு நாளும் யாரும் வர வேண்டாம்.
> 6. டைல்ஸ்: தண்ணி டெஸ்ட் பாஸ் ஆனா மட்டும்.
> 7. ஃபிட்டிங்ஸ்: க்ரௌட் போட்ட மறுநாளுக்குப் பிறகு.
>
> ஒவ்வொரு வேலை நாளுக்கும் முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்குள்ள யார், எத்தனை பேர், எத்தனை மணிக்குன்னு ஒரு வரி போட்டுடுங்க. இதுல ஏதாவது வரிசை மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க.

இதில் இரண்டு இடங்களை நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த வழியே அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

முதலாவது பிரஷர் டெஸ்ட். குழாய் முனைகளையெல்லாம் அடைத்து, கைப்பம்ப் வைத்து உள்ளே அழுத்தம் ஏற்றிவிட்டு, மீட்டரில் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. பசை போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் குழாய் என்றால் ஒட்டிய உடனே அழுத்தம் ஏற்றக்கூடாது. பசை இறுக அதற்குரிய நேரம் வேண்டும், குளிரான நாளில் இன்னும் கூடுதலாக வேண்டும். அதனால் "புதன் குழாய், புதன் மாலை டெஸ்ட், வியாழன் காலை பூச்சு" என்று எழுதினால் சோதனை பெயருக்குத்தான் நடக்கும். வியாழன் காலையைச் சோதனைக்கு விட்டு, கொத்தனாரை அதன் மறுநாள் வரச் சொல்வதே சரி. இதைச் செய்தியில் ஒரு வரியாகப் போட்டால்தான் கொத்தனார் வியாழன் காலையிலேயே கரண்டியோடு வந்து நிற்க மாட்டார்.

இரண்டாவது தண்ணீர் தேக்கும் சோதனை. கீழே போகும் துவாரத்தை அடைத்து, தரை முழுதும் மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்துவிட்டுக் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விடுவது. பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்து அதன் மட்டத்தையும் குறித்து வைக்க வேண்டும். ஆவியாகிப் போவது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். தரையில் வாளியைவிடத் தெளிவாகக் குறைந்தால்தான் கசிவு. வாளி வைக்காவிட்டால், இறங்கிய தண்ணீர் காற்றில் போனதா கட்டடத்துக்குள் போனதா என்று வாதம் நடந்துகொண்டே இருக்கும். கீழ்த்தளத்துக் கூரையையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும்.

இந்த வழிக்கும் மறைமுகச் செலவு உண்டு, மூடி மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ வந்து பார்க்க வேண்டும். பார்க்கத் தாமதித்தால் வேலை நிற்பது உங்களால். தேதி இறுகாத வேலையைவிடத் தேதி இறுகிய வேலைக்குத்தான் டைல்ஸ்காரர் முதலில் போவார். காண்ட்ராக்டரின் சொந்த ஆட்கள் என்றால் சமாளிப்பார். வெளியிலிருந்து கூலிக்கு எடுப்பவர் என்றால், காத்திருக்கும் நாளுக்குக் கூலி கேட்கவும் கூடும். அது கேட்கப்படுமா, யார் கொடுப்பது என்பதை முதல் செய்திக்குப் பதில் வரும் அன்றே பேசிவிட வேண்டும்.

## ஒரு கசிவு வந்தால் மூன்றும் என்ன ஆகும்

இரண்டாவது கோட் வெள்ளிக்கிழமை முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பையில் மூன்று நாள் விடச் சொல்லியிருக்கிறது. செவ்வாய் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் நிறுத்தியாயிற்று. வியாழன் காலை எட்டு மணிக்குப் பார்த்தால் தரையில் எட்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது, வாளியில் இரண்டு.

முதலில் சந்தேகப்பட வேண்டியது துவாரத்தை அடைத்த அடைப்பைத்தான். அது சரியாக உட்காராமல் சொட்டுச் சொட்டாக உள்ளே போவது அடிக்கடி நடக்கும். அடைப்பை மாற்றிப் போட்டு, மட்டத்தைப் புதிதாகக் குறித்து, மறுநாள் வரை விட்டுப் பார்க்க வேண்டும். அப்படியும் இறங்கினால், துவாரத்தைச் சுற்றியோ தரையும் சுவரும் சேரும் மூலையிலோ கோட் விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். திருத்தி, மறுபடி காயவிட்டு, மறுபடி தேக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு வாரம் போய்விடும்.

முழு அட்டவணையில் டைல்ஸ்காரர் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார். வியாழன் மதியம் "வேண்டாம்" என்றால் அவருக்கு மூன்று நாள் கூலி நஷ்டம். திங்களன்று வேறு வேலை தொடங்கிவிடுவார், அது முடிந்த பிறகுதான் உங்களிடம். அதைத் தவிர்க்கத்தான் அடைப்பின் மேல் பழியைப் போட்டு மூடிவிடலாம் என்ற பேச்சு வரும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும் என்பதுதான் இதிலே சங்கடம்.

தினசரி மாலை வழியில், வேடிக்கையாக, இந்த நாளில் எந்தச் சேதமும் இல்லை. டைல்ஸ்காரரை இன்னும் கூப்பிடவேயில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. சோதனை தேறியிருந்தால்தான் இந்த வழி தோற்றிருக்கும், அப்போது அவரைத் தேடிக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதாவது, கசிவு வரும் என்று நினைப்பவருக்கு இது மலிவு, வராது என்று நினைப்பவருக்கு இது விலை அதிகம்.

கட்ட வழியில், செவ்வாய் தண்ணீர் நிறுத்தும்போதே ஒரு செய்தி போயிருக்கும்:

> அண்ணே, இன்னைக்கு காலைல 8 மணிக்கு தண்ணி நிறுத்தியாச்சு. வியாழன் காலைல பார்த்துட்டு 10 மணிக்குள்ள சொல்றேன். பாஸ்னா டைல்ஸ் சனிக்கிழமை. இல்லைன்னா அடுத்த வாரம் ஞாயிறு. டைல்ஸ் தம்பிகிட்ட ரெண்டு தேதியும் சொல்லி வச்சிடுங்க.

இதில் இரண்டு தேதிகள் இருப்பதைக் கவனியுங்கள். "டெஸ்ட் முடிஞ்சா சொல்றேன்" என்று விட்டால் டைல்ஸ்காரருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஒன்று போனாலும் இன்னொன்று தன்னுடையது என்று தெரிந்தால் நடுவில் உள்ள நாட்களுக்குச் சின்ன வேலை ஏதாவது எடுத்துக்கொள்வார். தேறினாலும் வெள்ளியை விட்டுச் சனி என்று வைத்தது, தண்ணீரை வெளியேற்றித் தரை உலர ஒரு நாள் வேண்டும் என்பதற்காக. அந்த வெள்ளியிலேயே அடைப்பை மாற்றிய பிறகு மட்டம் நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அடைப்புதான் காரணம் என்றால் சனி ஞாயிறாக நகரும், அவ்வளவுதான்.

| | முழு அட்டவணை | தினசரி மாலை | கட்டம் + மாலை |
|---|---|---|---|
| காயும் நேரம் | உபரி நாள் எழுதினால் மட்டும் | உங்கள் நினைவில் | செய்தியிலேயே |
| ஒரு நாள் தவறினால் | வரிசை முழுதும் சரியும் | அடுத்த ஆளைத் தேட வேண்டும் | அடுத்த கட்டம் மட்டும் நகரும் |
| காலை நேரம் | உறுதி குறைவு | நல்ல உறுதி | நல்ல உறுதி |
| உங்கள் உழைப்பு | முதல் நாள் மட்டும் | தினமும் | நிறுத்தங்களிலும் மாலையிலும் |
| ஏற்ற வேலை | உலர் வேலை, குறுகிய வேலை | காரணம் தேடும் பழுது | ஈர வேலை, பல ஆட்கள் |

## ஒன்பது மணி என்றால் எந்த ஒன்பது மணி

எந்த வழியை எடுத்தாலும் காலை நேரத்தை எப்படிக் குறிக்கிறீர்கள் என்பது தனி முடிவு. "9 மணிக்கு வேலை" என்று எழுதினால் காண்ட்ராக்டர் கணக்கில் ஆட்கள் ஒன்பது மணிக்குக் கிளம்பலாம். நீங்கள் ஒன்பது மணிக்குச் சுத்தியல் சத்தத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவே பயணம், சாமான் இறக்குவது, துணி மாற்றுவது எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஓடிவிடும். "வாசலில்" என்ற சொல்லைப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் போய்விடுகிறது.

நேரத்தைப் புள்ளியாகக் கேட்பதா, ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குள் என்று இடைவெளியாகக் கேட்பதா? அந்த நேரத்தில் வேறொன்று மாட்டியிருந்தால் புள்ளி. மெயின் வால்வை மூட வேண்டும், உடைப்புச் சத்தத்துக்குக் கட்டடத்தில் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, டைல்ஸ் லாரி வருகிறது என்பது போல. மற்ற நாட்களில் அரை மணி இடைவெளி போதும். எல்லா நாளும் புள்ளியாகக் கேட்டு, எல்லா நாளும் பதினைந்து நிமிஷத் தாமதத்துக்கு முகம் சுளித்தால், உண்மையில் முக்கியமான நாளிலும் உங்கள் பேச்சை அவர்கள் வழக்கமான முணுமுணுப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வாய்ஸ் மெசேஜா, எழுத்தா என்றும் கேட்பார்கள். கட்டங்கள் எழுத்தில்தான் இருக்க வேண்டும். பத்து நாள் கழித்து "பூச்சுக்கு முன்னாடி டெஸ்ட்டுனு சொன்னீங்களா" என்ற கேள்வி வரும்போது இரண்டு நிமிஷ வாய்ஸைத் தேடிக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. மாலையில் அவர் பதில் சொல்ல வாய்ஸ் போட்டால் போடட்டும், வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிறவரை எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கேட்டுவிட்டு நீங்களே ஒரு வரி திருப்பிப் போடுங்கள்: "சரிண்ணே, நாளைக்கு பிளம்பர் ரெண்டு பேர், 8:30க்கு வாசல்ல." தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்துவார். தேதி மாற்றம், சோதனை தேறாத செய்தி போன்றவற்றை முதலில் போனில் பேசிவிட்டு அப்புறம் எழுத்தில் போடுவதே மரியாதை. அப்படிப்பட்ட செய்தியை எழுத்தில் முதலில் பார்த்தால் கோபமாக எழுதியதாகத்தான் படும்.

## மாலையில் பதிலே வராவிட்டால்

ஆறு மணி ஆயிற்று, பதில் இல்லை. ஏழு மணிக்கு ஒரு தடவை கூப்பிடுங்கள். அப்போதும் எடுக்கவில்லை என்றால் நாளை ஆள் வராது என்று எடுத்துக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். இதை முதல் வாரத்திலேயே விதியாகச் சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலை பத்து மணிக்கு ஆட்கள் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போன கதை உங்கள் தப்பாகிவிடும். வரி இப்படிப் போதும்:

> அண்ணே, 7 மணி வரைக்கும் பார்த்தேன். பதில் வராததால நாளைக்கு வேலை இல்லைன்னு எடுத்துக்கறேன், காலைல வீட்டுல யாரும் இருக்க மாட்டோம். ராத்திரி 9 மணிக்குள்ள நீங்க கூப்பிட்டா மாத்திக்கலாம். அதுக்கு மேலன்னா நாளன்னைக்கு வச்சுக்கலாம்.

இப்படி ஒரு தடவை நடந்தால் அது மறதி. ஒரே வாரத்தில் மறுபடியும் நடந்தால், காண்ட்ராக்டரின் கையில் இப்போது போதுமான ஆட்கள் இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். அப்போது மாலைச் செய்தியை இன்னும் கறாராக்கிப் பயனில்லை. அடுத்த கட்டத்துக்கு யார் வருவார், அவர் இப்போது எந்த வேலையில் இருக்கிறார், அது எப்போது முடியும் என்று நேராகக் கேட்டு, அந்தத் தேதிக்குக் கட்டத்தை நகர்த்தி எழுதிக்கொள்ளுங்கள்.